நெய், பட்டர், வீட்டுப் பனீர்: திருகோணமலை வெக்கையில் பழுதாகாமல் வைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவர்மலையில் வீட்டோடு நெய்யும் பனீரும் செய்து தெரிந்த வீடுகளுக்குக் கொடுத்து வருகிறேன். வாங்கிப்போனவர்கள் பிறகு போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன். நேரமில்லாதவர்கள் பனீர் பற்றிய பகுதியை மட்டுமாவது வாசியுங்கள். நெய் பழுதானால் சாப்பாட்டின் ருசிதான் கெடும், பனீர் பழுதானால் ஆளையே படுக்கப் போட்டுவிடும்.

மூன்றும் பால்ல இருந்துதானே வருது அக்கா? நெய் மட்டும் மாசக்கணக்கா இருக்கு, பனீர் ஏன் ரெண்டு நாள்ல பழுதாகுது?

எல்லாம் உள்ளே இருக்கும் தண்ணீரின் வேலை. நன்றாகக் காய்ச்சிய நெய்யில் தண்ணீர் அரை வீதம்கூட இருக்காது. பட்டரில் ஏறத்தாழ 16 வீதம் தண்ணீர். பனீரில் பாதிக்கும் மேல் தண்ணீர்தான். கிருமிகள் பெருகத் தண்ணீர் வேண்டும். வெறும் கொழுப்புக்குள் அவற்றால் வளர முடியாது. பனீரில் தண்ணீரோடு புரதமும் இருக்கிறது, உப்பு இல்லை, புளிப்பும் குறைவு. கிருமிக்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது.

அதனால் மூன்றும் பழுதாகும் விதமே வேறு. நெய்யைக் கெடுப்பது காற்றும் வெளிச்சமும் சூடும். பனீரைக் கெடுப்பது கிருமி. பட்டருக்கு இரண்டு பக்கமும் அடி. நெய் கெட்டால் பெரும்பாலும் மூக்கு சொல்லிவிடும். பனீரில் மூக்கை நம்ப முடியாது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த வித்தியாசத்தில் இருந்துதான் வருகிறது.

நெய்யை பிரிட்ஜுக்குள்ள வைக்கோணுமா, வெளிய வைக்கலாமா?

வெளியே வைக்கலாம். அடுப்புக்குப் பக்கத்திலும் ஜன்னல் வெயில் விழும் தட்டிலும் வைக்க வேண்டாம். இருட்டான அலுமாரிக்குள் வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே பகல் வெக்கை 35 பாகையைத் தொடும். அந்த நேரத்தில் வெளியே வைத்த நெய்க்கு மூன்று மாதம்தான் என் கணக்கு. அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் பிரிட்ஜ் நல்லது.

ஆனால் ஒரு போத்தலை ஒன்றில் உள்ளே வையுங்கள், இல்லாவிட்டால் வெளியே வையுங்கள். காலையில் எடுத்து, பகல் முழுக்க மேசையில் விட்டு, இரவு திரும்ப உள்ளே வைப்பதுதான் கெடுதல். நம்முடைய கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த போத்தலைத் திறந்ததும் உள்பக்கச் சுவரில் அந்த ஈரம் முத்து முத்தாகப் படியும். அது வழிந்து நெய்க்குள் இறங்கும். தண்ணீரே இல்லை என்பதால் பாதுகாப்பாக இருந்த பொருளுக்கு நாமே தண்ணீர் ஊற்றின மாதிரி ஆகிவிடும். நிறைய நெய் இருந்தால் சின்னப் போத்தல்களில் பிரித்து வையுங்கள். ஒன்று வெளியே பாவனைக்கு, மற்றவை திறக்காமல் பிரிட்ஜில். உள்ளே இருந்து எடுக்கும் போத்தலை வெளிச்சூடு வரும்வரை மூடியபடியே வைத்துவிட்டுப் பிறகு திறவுங்கள்.

வெளிய வைச்ச நெய் மேல தண்ணி மாதிரியும் அடியில மணல் மாதிரியும் கிடக்கு. பழுதா?

இல்லை. நெய்யில் பல வகைக் கொழுப்பு இருக்கிறது. சில வகை சீக்கிரம் உறையும், சில வகை உறையாமல் எண்ணெயாகவே நிற்கும். மெதுவாக ஆறினால் உறைந்த பகுதி மணிமணியாகக் கீழே இறங்கும். மாரி காலத்தில் முழுதும் உறைவதும், ஆனி ஆடியில் முழுதும் உருகுவதும் இதே கதைதான். நிறமும் சிலரைக் குழப்புகிறது. எருமைப் பாலில் மஞ்சள் நிறம் தரும் கரோட்டின் இல்லாததால் எருமை நெய் வெள்ளையாகவே இருக்கும்.

என்ன பாத்திரத்தில வைக்கிறது நல்லது? எங்கட அம்மம்மா பித்தளைச் செம்பிலதான் வைச்சவா.

கண்ணாடிப் போத்தல் அல்லது எவர்சில்வர். இரண்டிலும் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். பித்தளையிலும் செம்பிலும் இருக்கும் செப்பு, நெய் காற்றோடு சேர்ந்து கெடுவதை வேகப்படுத்தும். ஈயம் பூசிய பாத்திரம் என்றால் அந்தப் பூச்சு செப்பை மறைத்திருந்தது. பூச்சுத் தேய்ந்த பாத்திரத்தில் அந்தக் காப்பு இல்லை. அம்மம்மா காலத்தில் வாரத்துக்கு வாரம் காய்ச்சினார்கள், செம்பில் நெய் அதிக நாள் தங்கவும் இல்லை.

போத்தலைக் கழுவினால் வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். துணியால் துடைத்தது போதாது. காய்ச்சிய நெய்யைச் சூட்டோடு ஊற்றி உடனே மூடினால், ஆவி மூடியில் படிந்து சொட்டும். மெல்லிய துணியால் மூடி, முழுதும் ஆறிய பிறகு மூடியைப் போடுங்கள். போத்தலில் பாதிக்கு மேல் காலியாகிவிட்டால் மிச்சத்தைச் சின்னப் போத்தலுக்கு மாற்றுங்கள். மேலே நிற்கும் காற்று குறையும்.

சிக்கு வாடை எண்டா எப்பிடி இருக்கும்? எனக்குப் பிடிபடுறதே இல்ல.

இரண்டு வாடை இருக்கிறது, இரண்டையும் தனித்தனியாகப் பழக வேண்டும். முதலாவது காற்றுப் பட்டுக் கெட்ட வாடை. பழைய தேங்காயெண்ணெய், பெட்டியில் கிடந்து பழசான கச்சான் பருப்பு, காய்ந்த பெயின்ட், இவற்றில் வரும் மந்தமான வாடை அது. நெய்யில் பெரும்பாலும் வருவது இதுதான். இரண்டாவது புளித்த வாந்தி வாடை. கொழுப்பு தண்ணீரோடும் பால் மிச்சத்தோடும் சேர்ந்து உடைந்து, பியூட்டிரிக் அமிலம் வெளியே வரும்போது அது வரும். பட்டரிலும் வெண்ணெயிலும் அதிகம். நெய்யில் வந்தால் அந்த நெய் சரியாகக் காயவில்லை, அல்லது பிறகு தண்ணீர் பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த நெய்யை மணந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அரைத் தேக்கரண்டி நெய்யை ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, அந்தக் கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் இரண்டு நிமிடம் மிதக்க விடுங்கள். உருகியதும் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து ஒருமுறை மெதுவாக இழுங்கள். நல்ல நெய்யில் முதலில் பால் வறுத்த வாசம் வரும். கெடத் தொடங்கிய நெய்யில் அந்த வாசம் முன்னால் வராது, வெறும் எண்ணெய் வாசம் வரும். இன்னும் கெட்டதென்றால் பெயின்ட் வாடை. சந்தேகம் தீரவில்லையென்றால் நாக்கின் நுனியில் ஒரு துளி வைத்துத் துப்புங்கள். பின்பக்கத் தொண்டையில் காறல் தட்டினால் அது சிக்கு நெய். தினம் பாவிக்கும் போத்தலின் வாடைக்கு மூக்கு பழகிப்போகும், ஆகவே வீட்டில் இன்னொருவரையும் மணக்கச் சொல்லுங்கள். புதிதாக ஒரு போத்தல் இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் இன்னும் நல்லது.

சிக்கு அடிச்ச நெய்யைத் திரும்பக் காய்ச்சினா சரி வருமா?

வராது. வாடையில் ஒரு பகுதி ஆவியோடு போவதால் சரியான மாதிரித் தெரியும். கொழுப்பு உடைந்தது உடைந்ததுதான், அடுத்த வாரம் வாடை இன்னும் வேகமாகத் திரும்பி வரும். வெற்றிலை, கறிவேப்பிலை போட்டு வாடையை மறைப்பதும் அப்படித்தான். புது நெய்யோடு கலக்கவும் வேண்டாம். கெட்டது நல்லதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

கொஞ்சம் சிக்கு அடித்த நெய்யை ஒருமுறை தெரியாமல் சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தொடர்ந்து சாப்பிடுவது கூடாது. வீட்டு விளக்குக்கு எரிக்கலாம். கோவிலுக்குக் கொடுப்பதென்றால் புதிது கொடுங்கள், சாமிக்கு வைப்பதில் மிச்சம் பார்க்கக் கூடாது என்பது என் எண்ணம்.

போத்தல் அடியில வெள்ளையா கலங்கல் நிக்குது, வாடை ஒண்டும் இல்ல. பாவிக்கலாமா?

இது நெய்யில் இருக்கும் மறைவான பழுது, கவனமாகப் பாருங்கள். மேலே சொன்ன உறைந்த மணி என்றால் போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்ததும் முழுதும் கரைந்து தெளியும். கரைந்த பிறகும் அடியில் கலங்கலோ, உருண்டு ஓடும் முத்துகளோ நின்றால் அது தண்ணீர், அல்லது வடிகட்டாமல் விட்ட பால் மண்டி. அந்தத் தண்ணீர்ப் படுகைக்குள் கிருமியும் பூஞ்சணமும் வளரலாம். மேலே இருக்கும் நெய் நல்ல வாசத்தோடுதான் இருக்கும்.

காய்ந்த நீளக் கரண்டியால் அடியில் இருந்து ஒரு தேக்கரண்டி எடுத்துச் சின்னத் தாச்சியில் சூடாக்குங்கள். சத்தமில்லாமல் சூடேறினால் தண்ணீர் இல்லை. பட பட என்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. நெய் புதிது, புளிப்பு வாடை இல்லை, பூஞ்சணம் இல்லை என்றால் முழுவதையும் திரும்பச் சட்டியில் ஊற்றி, மெல்லிய நெருப்பில் வெடிப்பு அடங்கும்வரை காய்ச்சி, காய்ந்த துணியில் வடித்து வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்த நெய் என்றாலோ, மூடியைத் திறக்கும்போது புளித்த காற்று வந்தாலோ வீசிவிடுங்கள். மேலே பச்சையோ கறுப்போ புள்ளி தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வழித்தெடுத்துப் பாவிக்க வேண்டாம்.

இந்தத் தண்ணீர் பெரும்பாலும் ஈரக் கரண்டியால்தான் வருகிறது. சோற்றில் தொட்ட கரண்டி என்றால் பருக்கையும் சேர்ந்து இறங்கும். நெய்க்கென்று ஒரு கரண்டியைக் காய்ந்தபடி தனியாக வையுங்கள்.

முருங்கையிலை, உள்ளி போட்டுக் காய்ச்சின நெய்யும் அவ்வளவு நாள் இருக்குமா?

முருங்கையிலை, கறிவேப்பிலை எதுவானாலும் கடைசியில் போட்டு மொறுமொறு என்று வரும்வரை விட்டு, பிறகு வடித்து எடுத்துவிடுங்கள். இலையை உள்ளே விட்டு வைத்தால் நாள் குறையும்.

உள்ளி வேறு விஷயம். பச்சை உள்ளியில் ஈரம் இருக்கிறது, மண்ணில் இருந்து வந்த கிருமி விதைகளும் ஒட்டியிருக்கலாம். காற்றுப் புகாத கொழுப்புக்குள் அமிழ்ந்த உள்ளியில் பொட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடம் உண்டு. அந்த நஞ்சு எந்த வாடையும் காட்டாமல் இருக்கலாம். உள்ளி நெய் வேண்டுமென்றால் ஒரு வேளைக்கு வேண்டிய அளவு செய்து அன்றே முடியுங்கள், மிச்சம் இருந்தால் பிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீருங்கள். வெளியே போத்தலில் வைக்கவே கூடாது.

பட்டரைக் காலைச் சாப்பாட்டு மேசையிலயே வைக்கலாமா? வெளிநாட்டில வைக்கிறாங்களே.

அங்கே அறை 20 பாகை. இங்கே பட்டர் உருகும் சூடும் நம் பகல் சூடும் ஏறத்தாழ ஒன்றுதான். உருகினால் உள்ளே துளித்துளியாகப் பூட்டப்பட்டிருந்த தண்ணீர் பிரிந்து ஒன்று சேரும். திரும்ப உறைந்தாலும் அந்தப் பட்டர் பழைய மாதிரி இருக்காது, கிருமிக்கு வழியும் திறந்துவிடும். சாப்பிடும் அளவை வெட்டி வெளியே எடுங்கள், கட்டி உள்ளேயே இருக்கட்டும்.

உப்பு போட்ட பட்டர் கொஞ்சம் தாங்கும். உப்பு முழுவதும் அந்தத் தண்ணீர்த் துளிகளுக்குள் கரைந்து நிற்பதால் துளிகள் நல்ல உப்புநீராக இருக்கும், கிருமி வளரத் தயங்கும். உப்பில்லாத பட்டருக்கு அந்தக் காவல் இல்லை. கடைப் பட்டரைத் திறந்த பிறகு பிரிட்ஜில் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உப்பில்லாதது என்றால் இரண்டு மூன்று வாரம்.

கிண்ணியாவில வாங்கின எருமைத் தயிரைக் கடைஞ்சு வெண்ணெய் எடுத்தன். எத்தனை நாள் வைக்கலாம்?

பிரிட்ஜில் மூன்று நாலு நாள்தான். வீட்டு வெண்ணெயில் கடைப் பட்டரைவிடத் தண்ணீரும் மோரும் அதிகம் நிற்கும். மோரில் இருக்கும் சீனிச்சத்தும் புரதமும்தான் அதைச் சீக்கிரம் புளிக்க வைப்பது. கடைந்து திரண்டதும் கொதித்து ஆறிய குளிர்ந்த தண்ணீரில் போட்டுப் பிசைந்து கழுவுங்கள். முதல் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக வரும். ஊற்றிவிட்டுத் திரும்பவும் கழுவுங்கள். கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை விடக் கூடாது. பிறகு அகப்பையால் அழுத்தி, துளித்துளியாகக் கசியும் தண்ணீரை வடித்து எடுங்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து நெய் காய்ச்சுபவர்கள் பிரீசரில் சேருங்கள். பத்து நாள் பிரிட்ஜில் சேர்த்த வெண்ணெயில் காய்ச்சிய நெய்க்கு முதல் நாளே காறல் இருக்கும், காய்ச்சுவது அதை எடுக்காது. பால் காய்ச்சாமல் உறைய வைத்த தயிரா என்று தெரியாவிட்டால் அந்த வெண்ணெயைப் பாணில் பூசிச் சாப்பிட வேண்டாம், நெய்யாக்கிவிடுங்கள். நெய் காயும் சூட்டில் பச்சைப் பால் கிருமிகள் நிற்காது.

பட்டர்க் கட்டிக்கு மேல கடும் மஞ்சள் தோல் பிடிச்சிருக்கு, ஒரு மாதிரிக் கருவாட்டு மணமும் வருது. ரெண்டும் ஒண்டா?

இரண்டும் வேறு. மஞ்சள் தோல் என்பது மேல் தண்ணீர் காய்ந்து, காற்றுப் பட்ட பகுதி. மெல்லிதாக வழித்துவிட்டு உள்ளே இருப்பதை மணந்து பாருங்கள். உள்ளே நல்ல வாசம் என்றால் பாவிக்கலாம்.

கருவாட்டு மணம் பெரும்பாலும் பக்கத்தில் இருந்த கருவாட்டின் மணம்தான். கொழுப்பு எந்த வாடையையும் உறிஞ்சிவிடும், அதிலும் நம் பிரிட்ஜுகளில் மீனும் கருவாடும் இல்லாத நாள் குறைவு. கடதாசியில் சுற்றிய பட்டரைக் காற்றுப் புகாத பெட்டிக்குள்ளும் போடுங்கள். ஆனால் வீட்டில் மீனே இல்லாமல் பட்டரில் மீன் வாடை வந்தால் அது கொழுப்புக் கெட்டதால் வந்தது. அதோடு பூஞ்சணப் புள்ளியோ, ஈரம் கசிவதோ, புளித்த வாந்தி வாடையோ இருந்தால் வழித்துப் பார்க்காமல் வீசிவிடுங்கள்.

வீட்டில செஞ்ச பனீர் பிரிட்ஜுல எத்தனை நாள் இருக்கும்?

சரியாகச் செய்து உடனே குளிர வைத்ததென்றால் மூன்று நாள். நாலாவது நாளுக்கு நான் போவதில்லை. அந்த மூன்று நாள் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது.

இரண்டு லீட்டர் பசுப்பால் எடுத்தால் ஏறத்தாழ 300 கிராம் பனீர் வரும். பால் கொதித்ததும் அதில் இருந்த கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும். நெருப்பை அணைத்து ஓரிரு நிமிடம் விட்டு, தேசிக்காய்ச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் திரள வையுங்கள். பச்சை கலந்த தெளிந்த நீர் பிரிந்ததும் நிறுத்துங்கள். இனி வருகிற கிருமி எல்லாம் நாம் கொடுப்பதுதான்: வடிக்கும் துணி, கை, அழுத்தும் தட்டு, ஊற்றும் தண்ணீர். துணியைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து எடுங்கள். முந்தின நாள் கழுவிக் கொடியில் போட்ட துணியைப் பிறகும் அவித்துத்தான் பாவிக்க வேண்டும். கையில் வெட்டுக்காயமோ கொப்புளமோ இருந்தால் அன்றைக்குப் பனீர் வேண்டாம். அரை மணித்தியாலம் பாரம் வைத்து அழுத்திவிட்டு, ஆறும்வரை மேசையில் விடாமல் நேரே பிரிட்ஜுக்குள் வையுங்கள். இரவு முழுக்கத் தொங்கவிட்டு நீர் வடிக்கும் வழக்கம் நம் வெக்கைக்கு ஒத்துவராது.

வெளியே வைக்கும் கணக்கு: சாதாரண நாளில் இரண்டு மணித்தியாலம், 32 பாகைக்கு மேல் வெக்கை என்றால் ஒரு மணித்தியாலம். வைகாசியில் இருந்து ஆவணி வரை இங்கே பகலில் ஒரு மணித்தியாலக் கணக்கையே பிடியுங்கள்.

தண்ணிக்குள்ள போட்டு வைச்சா நல்லா இருக்கும் எண்டு சொல்றாங்க. கிணத்துத் தண்ணி பரவாயில்லையா?

தண்ணீருக்குள் போட்டால் காயாது, மிருதுவாக இருக்கும். அவ்வளவுதான், அது நாளைக் கூட்டாது. கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாக ஊற்றினால் மாறாக நாள் குறையும். மாரி மழைக்குப் பிறகு மேல்தண்ணீர் இறங்கிய கிணறு என்றால் நினைத்தே பார்க்க வேண்டாம். கொதித்து ஆறி, பிரிட்ஜில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். பனீர் முழுதும் அமிழ வேண்டும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், மாற்றும்போது பெட்டியையும் கழுவுங்கள். துண்டை எடுக்கக் கையை விடாமல் சுத்தமான கரண்டியை விடுங்கள்.

பனீர் பழுதானதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் தண்ணீரைப் பாருங்கள். நேற்றுத் தெளிவாக இருந்தது இன்று கலங்கி, கொஞ்சம் கொழகொழப்பாக இருந்தால் பனீரைத் தொட்டுப் பார்க்கவே தேவையில்லை. இரண்டாவது மேற்பரப்பு. நல்ல பனீரில் விரல் வைத்து இழுத்தால் ஈரமாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். பழுதானதில் விரல் வழுக்கும், எடுக்கும்போது மெல்லிய நூல் மாதிரி இழுபடும். மூன்றாவது ஓரங்களில் மஞ்சள், இளஞ்சிவப்பு, செம்மஞ்சள் புள்ளிகள். அவை மஞ்சள்தூள் பட்டதென்று நினைத்துக் கழுவிச் சமைத்தவர்கள் இருக்கிறார்கள். நாலாவது மூடி உப்பியிருப்பதும், திறக்கும்போது காற்றுச் சத்தம் வருவதும், உள்ளே ஓட்டை ஓட்டையாக இருப்பதும். ஈஸ்ட் போன்ற கிருமி வளர்ந்து காற்று விட்ட அடையாளம் அது.

புளிப்பு வாசம் மட்டும் குழப்பும். தேசிக்காயால் திரித்த பனீரில் முதல் நாளிலேயே மெல்லிய புளிப்பு இருக்கும். அது நாளுக்கு நாள் கூடினாலோ, புளித்த பழ வாசம் வந்தாலோ வைக்காதீர்கள். மேலே சொன்னதில் ஒன்று இருந்தாலும் முழுக் கட்டியும் குப்பைக்குத்தான். பனீர் மிருதுவானது, பூஞ்சணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியும் புள்ளியைத் தாண்டிப் போயிருக்கும்.

மணமும் இல்ல, வழுக்கலும் இல்ல. மத்தியானம் முழுக்க வெளிய இருந்திட்டு. நல்லாப் பொரிச்சா கிருமி செத்துப்போகும்தானே?

கிருமி சாகும், அது விட்டுப்போன நஞ்சு சாகாது. மனிதத் தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டபிலோகொக்கஸ் என்ற கிருமி, பனீர் பிசையும் கையில் இருந்து போகக்கூடியது. வெக்கையில் சில மணித்தியாலங்களுக்குள் பெருகி நஞ்சை வெளியே விடும். அந்த நஞ்சு கொதியையும் பொரியலையும் தாங்கும். பனீரின் நிறமும் மணமும் ருசியும் மாறாமலே இருக்கும். சாப்பிட்டு ஒன்றில் இருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தியும் வயிற்றுப் பிடிப்பும் தொடங்கும்.

வாடை கொடுக்கும் கிருமியும் ஆளை வருத்தும் கிருமியும் பெரும்பாலும் வேறு வேறு. அதனால் பனீருக்கு மூக்கைவிட மணிக்கூடுதான் சாட்சி. செய்த நாளையும் நேரத்தையும் ஒரு துண்டில் எழுதிப் பெட்டியில் ஒட்டுங்கள். எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் பனீரைச் சமைக்காதீர்கள்.

ராவு முழுக்கக் கரண்டு இல்ல. எதை வைக்கிறது, எதை வீசுறது?

2022 மின்வெட்டுக் காலத்தில் அதிகம் கேட்கப்பட்டது இது, இப்போதும் காற்று மழை வந்தால் கேட்கிறார்கள். ஒரு இரவை எடுத்துப் பார்ப்போம். பதினொரு மணிக்குக் கரண்டு போய்க் காலை ஏழு மணிக்கு வந்தது, பிரிட்ஜை யாரும் திறக்கவில்லை. மொத்தம் எட்டு மணித்தியாலம். மூடிய பிரிட்ஜ் ஏறத்தாழ நாலு மணித்தியாலம்தான் குளிரைப் பிடித்து வைக்கும். ஆகவே விடிய மூன்று மணியில் இருந்து ஏழு வரை உள்ளே இருந்த சாமான் 5 பாகைக்கு மேல் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த நாலு மணித்தியாலம் பனீருக்கு அதிகம், அது நேற்று மாலை செய்ததாக இருந்தாலும் வீசுங்கள். திரும்பக் குளிர்ந்து கட்டியாகி நிற்பதைப் பார்த்து மனம் மாற வேண்டாம். கடைப் பட்டர் கட்டியாகவே இருந்து, உள்ளே தண்ணீர் பிரியாமல், வாசம் சரியென்றால் வைக்கலாம். வீட்டு வெண்ணெய் என்றால் மணந்து பார்த்து, புளிக்கவில்லையென்றால் அன்று காலையே நெய் காய்ச்சுங்கள். நெய்க்கு ஒன்றும் ஆகியிருக்காது.

பிரீசர் நிறைய இருந்தால் மூடியபடி இரண்டு நாள், பாதி நிறைந்திருந்தால் ஒரு நாள் தாங்கும். நீங்கள் ஊரில் இல்லாதபோது கரண்டு போய் வந்ததா என்று தெரிய ஒரு வழி உண்டு. ஒரு கோப்பையில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய்க் குற்றியை வைத்துப் பிரீசரில் விட்டுப் போங்கள். வந்து பார்க்கும்போது குற்றி அடியில் உறைந்திருந்தால் எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது. பனீரை எடுத்து வீசுங்கள்.

பனீரைப் பிரீசர்ல போட்டா எவ்வளவு காலம்?

இரண்டு மாதம். துண்டு துண்டாக வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் உறைய வைத்து, பிறகு பையில் காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். உருகினால் கொஞ்சம் உதிரும், பொரிப்பதைவிடக் குழம்புக்குத்தான் நல்லது. வெளியே வைத்து உருக்காமல் முதல் நாள் இரவு பிரிட்ஜ் தட்டுக்கு இறக்குங்கள், அல்லது உறைந்தபடியே கொதிக்கும் குழம்பில் போடுங்கள். உருகியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம். மூன்றாம் நாள் மிச்சத்தைக் காப்பாற்றப் பிரீசரில் போடுபவர்கள் இருக்கிறார்கள். பிரீசர் கிருமியைக் கொல்லாது, நிறுத்தித்தான் வைக்கும். போடுவதென்றால் செய்த அன்றே போடுங்கள்.

மகள் பிள்ளைத்தாய்ச்சி. பிரிட்ஜுல இருந்த பனீரை அப்பிடியே சாப்பிடலாமா?

பச்சையாக வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமி மற்றவற்றைப் போல் இல்லை, பிரிட்ஜ் குளிரிலும் மெதுவாகப் பெருகும், வாடையும் காட்டாது. மற்றவர்களுக்குச் சின்னக் காய்ச்சலாகப் போகக்கூடியது, பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளையையே பாதிக்கலாம். வயோதிபர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

அன்று செய்த பனீரைக் குழம்பில் போட்டு, துண்டின் நடுவும் ஆவி பறக்கச் சூடாகும்வரை கொதிக்க வைத்துச் சூட்டோடு கொடுங்கள். ஸ்டபிலோகொக்கஸ் நஞ்சு மாதிரி இல்லாமல் லிஸ்டீரியா நல்ல சூட்டில் சாகும். சாலட்டில் உதிர்த்துப் போட்டது, கலியாண வீட்டுத் தட்டில் ஆறிக் கிடந்தது இரண்டையும் தவிர்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டு, அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோ உடல் உளைவோ வந்தால் டொக்டரிடம் போகும்போது பனீர் சாப்பிட்டதையும் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.